தண்டலுக்கு எதிரே ஓர் உண்டியல்

தெருமுனை நாடகத்துக்கு இரண்டு நிமிடம் என்றால், பேச்சுக்கு ஒன்றரை நிமிடம்தான் மிஞ்சும். பறை அடித்து ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதிலேயே மீதி போய்விடும். அதனால் ஒரே திட்டம், இரண்டே பாத்திரங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பை (ஆர்.டி.) எடுத்துக்கொள்வோம். காய்கறிச் சந்தையில் வியாபாரம் ஓய்ந்த நேரம். பூக்காரம்மா காசை எண்ணுகிறார்.

பூக்காரம்மா: தண்டலுக்கு நூறு எடுத்து வச்சாச்சு. ஒன்பதாயிரம் கைக்கு வந்துச்சு, நூறு நாள் கட்டி பத்தாயிரமா திருப்பிக் குடுக்கணும்.

முகவர்: அக்கா, கூடவே இருபது ரூபா இந்த உண்டியல்ல போடுங்க. மாசம் அறுநூறு, அஞ்சு வருஷம். கட்டுறது முப்பத்தாறாயிரம், கைக்கு வர்றது நாப்பத்திரண்டாயிரத்து எண்ணூறு சொச்சம்.

பூக்காரம்மா: மழை மாசம் கட்ட முடியலன்னா?

முகவர்: நூத்துக்கு ஒரு ரூபா அபராதம். அறுநூறுக்கு ஆறு ரூபா. ஆனா தொடர்ந்து நாலு மாசம் விட்டா கணக்கு நின்னுடும். ரெண்டு மாசத்துக்குள்ள பாக்கியக் கட்டி உயிர் குடுக்கணும்.

பூக்காரம்மா: நடுவுல ஆஸ்பத்திரிச் செலவு வந்தா?

முகவர்: ஒரு வருஷம் கட்டியிருந்தா, இருக்கிறதுல பாதி வரைக்கும் கடன் கிடைக்கும். கணக்கையே முடிக்கணும்னா மூணு வருஷம் ஆகணும். அப்பவும் சாதாரண சேமிப்பு வட்டிதான்.

இந்தக் கணக்கு 6.7 சதவீத வட்டிக்கு உரியது. வட்டி காலாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடும் என்பதால், நாடகம் போடும் வாரம் அஞ்சலகத்தில் கேட்டு எண்ணைத் திருத்த வேண்டும். கணக்கு தொடங்கிய நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது.

தண்டல்காரரை வில்லனாக்கும் ஆசை எழுதுபவருக்கு வரும். வேண்டாம். விடியற்காலைச் சரக்குக்கு அவர்தான் பணம் தந்திருப்பார். அவரைத் திட்டினால் கூட்டம் நம்மை விட்டு விலகும். அவர் தினமும் கடைக்கே வருகிறார் என்பதுதான் அவருடைய பலம். முகவர் மாதம் ஒருமுறைதான் வருவார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் உண்டியல். இது மேடைப் பொருள் மட்டுமல்ல, நாடகம் முடிந்ததும் நிஜமாகவே கடைக்கு ஒன்று கொடுக்க வேண்டும்.

கேள்விகளைப் பூக்காரம்மாவே கேட்பதற்கும் காரணம் உண்டு. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போன கதை தெரியாத சந்தை கிடையாது. குறைகளை மறைத்துவிட்டு "இரட்டிப்பாகும்" என்று ஒரு நடிகர் வாய் தவறினாலும் அடுத்த முறை யாரும் நின்று கேட்கமாட்டார்கள்.

கடைசிப் பதினைந்து விநாடி பாஸ்புக்குக்கு. முகவர் அட்டையில் போடும் கையெழுத்து, பணம் அவர் கைக்குப் போனதற்குத்தான் சாட்சி; அது அஞ்சலகத்தில் கட்டப்பட்டதைக் காட்டுவது பாஸ்புக்கில் விழும் பதிவு. "மாசாமாசம் பாஸ்புக்க வாங்கிப் பாருங்கக்கா, என்னையும் கண்ண மூடி நம்பாதீங்க" என்று முகவரே சொல்லட்டும். நாடகக் குழு அந்த இடத்தில் ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. பக்கத்து அஞ்சலகத்தின் பெயரையும் நேரத்தையும் மட்டும் சொல்லி இறங்க வேண்டும்.