பாதி விலைக்கு ஒரு பாங்கு!

திண்டிவனத்தில் ஓர் அரிசிக் கடை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் 6 லட்ச ரூபாய். வாடிக்கைக்காரர் தரவேண்டிய பாக்கி 2 லட்சம். மில்காரருக்குக் கொடுக்கவேண்டியது 3 லட்சம். கழித்தால் மிஞ்சுவது 5 லட்சம். இதுதான் புத்தக மதிப்பு. கடைக்காரர் 10 லட்சம் கேட்டால், புத்தக மதிப்பைப்போல் 2 மடங்கு கேட்கிறார். பங்குச் சந்தையிலும் கணக்கு இதேதான்: ஒரு பங்கின் விலையை, ஒரு பங்குக்கு உரிய புத்தக மதிப்பால் வகுக்கிறார்கள்.

பாங்குக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. விழுப்புரத்துக் கிளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் சரக்கே பணம்தான்! நகைக் கடன், பயிர்க் கடன், வீட்டுக் கடன் எல்லாம் ரூபாயிலேயே ஏட்டில் ஏறுகின்றன. சொந்த முதலுக்கு ஏற்றபடிதான் கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் பாங்கு வரம்பும் கட்டியிருக்கிறது. ஆகவே, சொந்த முதல்தான் பாங்கின் வளர்ச்சிக்கு அடிப்படை.

மென்பொருள் கம்பெனியின் கதை வேறு. அங்கே சொத்து, மாலையானால் லிப்டில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுகிறது! எழுதுபவர்களின் திறமைக்கு ஏட்டில் இடமில்லை. அவர்கள் சம்பளம் பெரும்பாலும் அந்த ஆண்டின் செலவாகவே எழுதப்படுகிறது. கட்டடமும் கம்ப்யூட்டரும் ரொக்கமும்தான் பெரும்பாலும் மிஞ்சும். எனவே விலை புத்தக மதிப்பைப்போல் 10 மடங்கு இருந்தாலும், அதைக்கொண்டு மட்டும் அநியாய விலை என்று சொல்லிவிட முடியாது. அதன் லாபத்தைத்தான் பார்க்கவேண்டும்.

சரி, பாங்குப் பங்கு பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கிவிடலாமா? பொறுங்கள்! ஒரு பாங்கின் சொந்த முதல் 80 கோடி ரூபாய், பங்குகள் 8 கோடி. பங்குக்குப் புத்தக மதிப்பு 10 ரூபாய். சந்தை விலையோ 5 ரூபாய். கொடுத்த கடன் 600 கோடியில், ஒதுக்கீடு எதுவும் செய்யாத 48 கோடி திரும்பி வராமல் போனால், முதல் 32 கோடியாகிவிடும். புத்தக மதிப்பு 4 ரூபாய்! அப்போது 5 ரூபாய் மலிவா என்ன?

1926-ல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கு இதற்குச் சாட்சி. 2020 மார்ச்சில் அதன் நிகர வாராக் கடன் 10 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அதை டி.பி.எஸ். பாங்கு இந்தியாவுடன் இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்கள் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கோ ஒரு காசும் கிடைக்கவில்லை. சொந்த முதல் முழுவதும் ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டது.

ஆகவே, பாங்குப் பங்கு மலிவாகத் தெரிந்தால் ஆண்டறிக்கையில் ‘நிகர வாராக் கடன்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்தத் தொகையைச் சொந்த முதலிலிருந்து கழித்துவிட்டு, மீண்டும் வகுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மலிவாக இருந்தால்தான் மேற்கொண்டு யோசிக்கலாம்.