பெயர் சூட்டு விழா: காதில் ஓதும் பெயர், கூப்பிடும் பெயர், சான்றிதழ் பெயர்... யார் எதைச் செய்வது?

குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் கேள்விகள் வரிசைகட்டும். "பதினோராம் நாளா, பதினாறாம் நாளா?", "அத்தை வந்தாச்சா?", "தொட்டில் யார் வாங்குறது?", "பேர் முடிவாயிடுச்சா?" முதல் குழந்தை என்றால் அப்பா, அம்மா இருவருக்குமே எல்லாம் புதுசு. அன்றைக்கு என்ன நடக்கும், ஒவ்வொன்றும் எதற்காக என்று பார்க்கலாம்.

எந்த நாளில் வைப்பது?

எல்லா வீட்டுக்கும் பொதுவான நாள் என்று ஒன்று கிடையாது. பிராமணக் குடும்பங்களில் பிறந்த நாளையும் சேர்த்து எண்ணி, பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் செய்து பெயர் வைப்பார்கள். வேறு பல குடும்பங்களில் பதினாறாம் நாள், முப்பதாம் நாள், இல்லையென்றால் மூன்றாம் மாதம். தீட்டு கழிந்த பிறகுதான் பெயர் வைப்பது என்பதுதான் இதில் பொதுவான கணக்கு. வீடு கழுவி, தாயும் குழந்தையும் தலைக்குக் குளித்து, அதன் பிறகே விருந்தாளிகள் குழந்தையைத் தூக்குவார்கள். பிரசவத்துக்குப் பின் தாய்க்குக் கொஞ்சம் தெம்பு வர இந்த இடைவெளி உதவுகிறது.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழந்தையின் வலது காதில் பாங்கு சொல்வதும், ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைப்பதும் வழக்கம். கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் ஞானஸ்நானத்தின்போது பெயர் சொல்லப்படும்.

தொட்டிலில் முதலில் படுப்பது குழந்தை இல்லையா?

பல வீடுகளில் இல்லை. அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, துணி சுற்றி, அதைத்தான் முதலில் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். குழவிக் கல்லைப் போல குழந்தை உறுதியாக வளரட்டும் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். 'குழவி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் குழந்தை என்றே பொருள் உண்டு. நடைமுறையில் இன்னொரு பயனும் இருக்கிறது. குழவியின் கனத்தைத் தாங்குகிற கயிறும் கொக்கியும் குழந்தையைத் தாங்கும்.

தொட்டில் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவின் பழைய நூல் புடவையிலோ தாத்தாவின் வேட்டியிலோ கட்டும் தூளியே பல வீடுகளில் போதும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது. துணி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் தொட்டில் கம்பு வைப்பார்கள். அது இல்லாவிட்டால் துணி குழந்தையின் முகத்தை மூடிவிடலாம். அப்பார்ட்மென்ட் வீடுகளில் ஃபேன் கொக்கியில் தூளி கட்டுபவர்கள், அந்தக் கொக்கி கான்கிரீட்டில் பதிந்ததா, பின்னால் ஸ்க்ரூ போட்டு மாட்டியதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அத்தைக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

தலைப்பிரசவம் பெரும்பாலும் அம்மா வீட்டில். அதனால் விழாவும் பல நேரம் அங்கேயே நடக்கும். தொட்டில், குழந்தைக்குத் துணிமணி, வெள்ளி அரைஞாண், மோதிரம் என்று தாய்மாமன் சீர் வரும். எதை யார் வாங்குவது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆக, இடமும் சீரும் அம்மா பக்கம். அப்பா பக்கத்தின் உரிமையைச் சொல்ல வருபவர்தான் அத்தை, அதாவது குழந்தையின் அப்பாவுடன் பிறந்தவர்.

குழந்தையைத் தொட்டிலில் இடுவது, காப்பு போடுவது, பல வீடுகளில் காதில் பெயர் சொல்வது எல்லாம் அத்தை வேலை. பதிலுக்கு அவருக்குப் புடவை வைத்துக் கொடுப்பார்கள். "என்னைக் கேக்காம பேர் வெச்சுட்டாங்க" என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் கிளம்புவதும் இந்த இடத்தில்தான். கூடப்பிறந்த அத்தை இல்லையென்றால், அப்பாவின் பெரியப்பா அல்லது சித்தப்பா மகள் அந்த முறையில் நிற்கலாம்.

பெயரை எப்படிச் சொல்வார்கள்?

தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, அப்பா விரலாலோ மோதிரத்தாலோ பெயரை எழுதுவார். பிறகு அம்மா மடியிலிருக்கும் குழந்தையின் வலது காதில் மூன்று முறை பெயர் சொல்லப்படும். சில வீடுகளில் அப்பா, சில வீடுகளில் அத்தை, சில வீடுகளில் தாத்தா சொல்வார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

இந்த நேரத்தில்தான் சிலர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தொட்டு வைப்பார்கள். இதைச் 'சேனை வைப்பது' என்பார்கள். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆனால், ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். பெரியவர்கள் உடம்பு அதைச் சமாளிக்கும், பச்சைக் குழந்தையால் முடியாது. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். முறையை விட மனமில்லை என்றால், பெரியவர் தாய்ப்பாலையே ஒரு சொட்டு தொட்டு வைக்கலாம்.

ஒரு குழந்தைக்கு ஏன் இரண்டு மூன்று பெயர்?

'பேரன்' என்ற சொல் 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று அர்த்தம். 'பெயர்த்தி'தான் பேத்தி ஆனது. தாத்தா பெயரை வைத்துவிட்டால் ஒரு சிக்கல். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இருந்த காலத்தில், அதே பெயரைச் சொல்லி மகனை எப்படி அதட்டுவது? அதனால் கூப்பிட ஒரு தனிப் பெயர் வந்தது. இன்றும் ராஜா, பாப்பா, அம்மு என்று அது தொடர்கிறது.

வீட்டுக்குள் எத்தனை பெயர் இருந்தாலும் பிரச்சினை இல்லை. பதிவேட்டில் ஒன்றுதான் இருக்க முடியும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அதனால் அதில் ஏறும் பெயரில் கவனம் தேவை.

விழாவுக்கு முன்பே பதிவு செய்யணுமா?

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால், அப்போதே பெயர் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஓர் உதாரணம். ஜூன் 3-ம் தேதி பெண் குழந்தை பிறக்கிறது. மருத்துவமனை வழியாக ஜூன் 10-ம் தேதி, பெயர் இல்லாமல் பிறப்பு பதிவாகிறது. பதினாறாம் நாளான ஜூன் 18-ல் விழா. தாத்தா பாட்டிக்கு 'மீனாட்சி', அம்மா அப்பாவுக்கு 'இனியா'. காதில் இரண்டையுமே ஓதிவிடலாம். எது சான்றிதழுக்கு என்று முடிவாகவில்லையா? அவசரம் வேண்டாம். பதிவான தேதியிலிருந்து 12 மாதம் வரை, அதாவது அடுத்த ஜூன் 10-க்குள், பதிவாளர் அலுவலகத்தில் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு, 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம்.

எழுதிக் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். முதலாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல். Iniya, Iniyaa இரண்டும் ஆவணங்களில் வேறு வேறு பெயர்கள். இரண்டாவது, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டிவரும் என்பதால், அப்பா பெயரா, அம்மா பெயரா, இரண்டுமா என்று இப்போதே பேசிவிடுங்கள். மூன்றாவது, பெற்றோர் பெயர்கள் அவர்களுடைய ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றிதழில் எழுத்துப்பிழை வந்தால் திருத்தலாம். ஏறிவிட்ட பெயரையே மாற்ற நினைத்தால் அலைச்சல் அதிகம்.