டாலர் டெபாசிட்டை எத்தனை ஆண்டுக்குப் போடுவது?

துபாயிலோ தம்மாமிலோ வேலை பார்ப்பவர் கையில் கொஞ்சம் டாலர் சேர்ந்ததும் வங்கியின் வட்டிப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் என்பது வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் டாலராகவே போட்டு டாலராகவே திரும்பப் பெறும் வைப்பு. குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை போடலாம். பட்டியலில் எந்தக் காலத்துக்கு வட்டி அதிகமோ அதையே தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். முதிர்வுப் பணத்தை டாலராகவே வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அது சரி. ஆனால் அந்தப் பணம் கடைசியில் ஊரில் வீடு கட்டவோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ரூபாயாகத்தான் செலவாகும் என்றால், அந்தப் பட்டியல் கணக்கின் ஒரு பாதியைத்தான் சொல்கிறது. மறுபாதி ஃபார்வர்டு பிரீமியம்.

இன்றைக்கு ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்துத் தரப்போகும் டாலரை, இன்றே விலை பேசி வங்கிக்கு விற்க முடியும். அப்போது வங்கி 86 ரூபாய் 80 காசு தருவதாக ஒப்பந்தம் செய்தால், கூடுதலாகக் கிடைக்கும் 1 ரூபாய் 80 காசுதான் பிரீமியம். ரூபாய் சரியும் என்று வங்கி ஆரூடம் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் இந்திய வட்டிக்கும் அமெரிக்க வட்டிக்கும் உள்ள இடைவெளியே இந்தத் தொகையாக வெளிப்படுகிறது. 2021இல் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் இருந்த ஓராண்டு பிரீமியம், அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்தியதும் 2022 இறுதிக்குள் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. டாலர் வட்டி ஏறும்போது பிரீமியம் இறங்கும். அதனால் வட்டியை மட்டும் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

அப்படிச் சேர்த்தால் எல்லாக் காலத்துக்கும் ஒரே பலன் வரவேண்டாமா? மொத்தச் சந்தையில் ஏறக்குறைய அப்படித்தான் வரும். ஆனால் வங்கி நமக்குத் தரும் வட்டி மொத்தச் சந்தையின் வட்டி அல்ல. தனக்கு எந்தக் காலத்துக்கு டாலர் வேண்டுமோ அதற்குக் கூட்டித் தரும், வேண்டாத காலத்துக்குக் குறைத்துத் தரும். பிரீமியமோ சந்தையில் முடிவாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒளிந்திருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒருவரிடம் 10,000 டாலர் இருக்கிறது, அதாவது இன்றைய மதிப்பில் 8,50,000 ரூபாய். எஃப்.சி.என்.ஆர். வட்டி ஓராண்டுக்கு 5 சதவீதம், மூன்றாண்டுக்கு 4 சதவீதம். ஓராண்டு பிரீமியம் 1.80 ரூபாய், மூன்றாண்டு பிரீமியம் 7 ரூபாய். ஒப்பிட எதிரே நிற்பது என்.ஆர்.இ. ரூபாய் டெபாசிட். அதற்கு எந்தக் காலமானாலும் 6.75 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி.

ஓராண்டு முடிவில் 10,500 டாலர் வரும். அசலோடு வட்டியையும் சேர்த்தே 86.80க்கு விற்றிருக்க வேண்டும். பலர் அசலை மட்டும் விற்றுவிட்டு வட்டியைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிடுகிறார்கள். முழுவதும் விற்றால் 9,11,400 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 7.22 சதவீதம். என்.ஆர்.இ.யில் அதே பணம் 9,08,844 ரூபாய் ஆகும். டாலர் வழியில் 2,556 ரூபாய் கூடுதல்.

இனி மூன்றாண்டு. அரையாண்டுக் கூட்டு வட்டியில் 11,261 டாலர் 62 சென்ட். 92 ரூபாய் வீதம் மாற்றினால் 10,36,069 ரூபாய், ஆண்டுக்கு 6.82 சதவீதம். என்.ஆர்.இ.யிலோ 10,39,034 ரூபாய். இங்கே டாலர் வழி 2,965 ரூபாய் பின்தங்குகிறது. 7 ரூபாய் பிரீமியம் என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். மூன்றாண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2.7 சதவீதத்துக்குக் கீழேதான். ஓராண்டு பிரீமியத்தைவிட அது ஏறத்தாழ அரை சதவீதம் அதிகம், ஆனால் டாலர் வட்டி ஒரு சதவீதம் இறங்கிவிட்டதே. எஃப்.சி.என்.ஆர். வட்டியை 360 நாள் ஆண்டாகக் கணக்கிடுவதால் டாலர் பக்கம் இன்னும் சிறிது கூடும். முடிவை அது மாற்றாது.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் ஓராண்டுதான் சரி. ஆனால் அவருக்குப் பணம் மூன்றாண்டு கழித்துத்தான் தேவை என்றால்? ஓராண்டு டாலர் டெபாசிட் முதிர்ந்ததும் வரும் 9,11,400 ரூபாயை என்.ஆர்.இ. கணக்கிலேயே இரண்டாண்டுக்குப் போடலாம். அப்போதும் 6.75 கிடைத்தால் கையில் 10,41,956 ரூபாய் இருக்கும், நேராக மூன்றாண்டு என்.ஆர்.இ.யில் போட்டதைவிட ஏறக்குறைய 2,900 ரூபாய் அதிகம். அடுத்த ஆண்டு அந்த வட்டி சுமார் 6.6க்குக் கீழே போனால் இந்த வழி தோற்கும். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டு வரும் காலத்தில் 0.15 சதவீதம் மிகச் சிறிய பாதுகாப்பு. அத்தகைய காலத்தில் மூன்றாண்டு ரூபாய் வட்டியை இன்றே பூட்டிவைப்பதையே நான் விரும்புவேன்.

லாபம் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அதைத் தின்றுவிடக்கூடிய இரண்டை விடாமல் விசாரிக்க வேண்டும். முதலாவது வங்கியின் பங்கு. சந்தையில் 1.80 பிரீமியம் இருக்கும்போது கிளை 1.55 என்று சொன்னால், அந்த 25 காசு 10,500 டாலருக்கு 2,625 ரூபாய். ஓராண்டு அனுகூலம் அதோடு தீர்ந்தது. ஓராண்டு வரையிலான சந்தை பிரீமியத்தை ஃபைனான்சியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் வெளியிடுகிறது, அதோடு ஒப்பிட்டுப் பேரம் பேசலாம். ஓராண்டைத் தாண்டிய ஃபார்வர்டுக்குச் சந்தை அவ்வளவு பரபரப்பானதல்ல. அங்கே வங்கி எடுக்கும் பங்கு பெரும்பாலும் அகலமாகவே இருக்கும்.

இரண்டாவது வரி. வெளிநாடுவாழ் இந்தியருக்கு எஃப்.சி.என்.ஆர். வட்டிக்கும் என்.ஆர்.இ. வட்டிக்கும் இந்தியாவில் வருமான வரி இல்லை. ஃபார்வர்டில் வரும் பிரீமியமோ வட்டி அல்ல. அதற்கும் அந்த விலக்கு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. நம் கணக்கில் ஓராண்டு பிரீமியம் 18,900 ரூபாய். அதில் 30 சதவீதம் வரி போனால் 5,670 ரூபாய். 2,556 லாபம் நஷ்டமாகிவிடும். ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

காலமும் பிரீமியமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை 2013 காட்டியது. ரூபாய் சரிந்துகொண்டிருந்த அந்தச் செப்டம்பரில், ரகுராம் ராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கி, மூன்றாண்டோ அதற்கு மேலோ போடப்படும் எஃப்.சி.என்.ஆர். டாலருக்கு ஆண்டுக்கு 3.5 சதவீதம் என்ற சலுகை விலையில் வங்கிகளுக்குப் பரிமாற்ற வசதி கொடுத்தது. சந்தை விலை அதைவிட மிக அதிகம். அந்த நவம்பருக்குள் இந்த வழியில் சுமார் 2,600 கோடி டாலர் வந்து சேர்ந்தது. தவணையை மூன்றாண்டுக்கு நீட்டச் செய்தது அந்த மலிவான விலைதான்.

வங்கிக்குப் போகும்போது டெபாசிட் முதிரும் தேதியைச் சொல்லி, அதே தேதிக்கு ஃபார்வர்டு விலை கேளுங்கள், ‘சுமாராக ஓராண்டுக்கு’ என்று வேண்டாம். ஓராண்டுக்கு முன் உடைத்தால் வட்டியே கிடையாது. ஃபார்வர்டையும் அன்றைய சந்தை விலையில் ரத்து செய்ய வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் ‘முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கவும்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டாலர் மறுபடி டெபாசிட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், அதே நாளில் வங்கிக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட டாலர் உங்கள் கையில் இருக்காது.