எந்த பல்பு பிரகாசமாக எரியும்?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்த வாரம் அது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடவேளையின் கடைசிப் பதினைந்து நிமிடங்களை வகுப்புத் தலைவி என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சேர்ந்து படிக்கத் தோழிகளைக் கூப்பிடப் போவதாக மட்டும் சொல்லியிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒற்றுமையின் பலம், கூட்டு முயற்சி என்று ஆரம்பிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் கரும்பலகையில் இரண்டு வட்டங்களை வரைந்து ஒரே கம்பியில் கோத்தாள்.

“நான் அட்வைஸ் பண்ண வரலை. ஒரே ஒரு கேள்விதான். 60 வாட் குண்டு பல்பு ஒண்ணு, 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு. ரெண்டையும் தொடரிணைப்புல மாட்டி வீட்டு கரண்ட்டைக் கொடுக்குறோம். எது பிரகாசமா எரியும்? யாரும் பேசக் கூடாது. நோட்டோட கடைசிப் பக்கத்துல பதிலையும், ஏன்னு ஒரு வரியும் எழுதுங்க.”

இரண்டு நிமிடம் கழித்துக் கை தூக்கச் சொன்னாள். வகுப்பில் 38 பேர். 100 வாட் என்றவர்கள் 21 பேர், 60 வாட் என்றவர்கள் 14 பேர், இரண்டும் ஒன்றுபோல எரியும் என்றவர்கள் மூன்று பேர்.

மின்னோட்டவியல் பாடத்தை நான் முடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. P = I²R என்ற சூத்திரத்தை அந்த 38 பேரும் தூக்கத்தில்கூட எழுதுவார்கள். அது இந்தக் கேள்விக்கு உதவும் என்று பாதிப் பேருக்கு மேல் தோன்றவில்லை என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அவள் விடையைச் சொல்லவில்லை. “உங்க பதிலுக்கு வேற பதில் எழுதினவ பக்கத்துல போய் உட்காருங்க. மூணு நிமிஷம். அவளை நம்ப வைங்க, இல்லேன்னா நீங்க நம்புங்க” என்றாள்.

வகுப்பு சந்தைபோல ஆனது. என் முன் பெஞ்சில் நடந்த பேச்சை அப்படியே கேட்டேன். “கரண்ட் முதல்ல எந்த பல்புக்குப் போகுதோ அதுதான் நல்லா எரியும். அது எடுத்துக்கிட்டது போக மிச்சம்தானே அடுத்ததுக்கு?” என்றாள் ஒருத்தி. “வீட்டு கரண்ட் மாறுதிசை மின்னோட்டம்டி. ஒரு செகண்டுல 50 தடவை போய்ப் போய்த் திரும்புது. இதுல எது முதல் பல்பு?” என்றாள் மற்றவள். முதலாமவள் பதில் பேசாமல் தன் படத்தையே பார்த்தாள். மின்னோட்டத்தை பல்பு தின்று தீர்த்துவிடும் என்ற எண்ணம் மாணவர்களிடம் மிகப் பரவலானது. ஒரே கம்பியில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒரே அளவுதான் என்று நான் பலகையில் எழுதிப்போட்டதெல்லாம் அந்த எண்ணத்தைத் தொடவேயில்லை. தோழியின் ஒரு கேள்வி அதை அசைத்துவிட்டது.

இரண்டாவது முறை கை தூக்கியபோது 60 வாட் பக்கம் 29 கைகள் உயர்ந்தன.

அதுதான் சரி. 240 வோல்ட் என்று அச்சிட்ட 60 வாட் பல்பின் மின்தடை 960 ஓம், 100 வாட் பல்புக்கு 576 ஓம். தொடரிணைப்பில் மொத்தம் 1536 ஓம் என்பதால் ஓடுவது சுமார் 0.156 ஆம்பியர்தான், அதுவும் இரண்டிலும் ஒரே அளவு. மின்தடை அதிகமுள்ள 60 வாட் பல்பு ஏறத்தாழ 23 வாட் எடுக்கும், மற்றது 14 வாட். உண்மையில் இழை அந்த அளவுக்குச் சூடேறாததால் மின்தடைகள் குறைந்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் எது பிரகாசம் என்பது மாறாது. வீட்டில் எல்லா பல்பும் பக்க இணைப்பில் இருப்பதால் 100 வாட் பல்பே பிரகாசமாக எரிந்து, கண் பழகிவிடுகிறது.

பிறகு அவள் பேசியது கொஞ்சம்தான். “இப்ப 15 பேர் பதிலை மாத்தி சரியா சொன்னீங்க. உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேனா? மேம் சொல்லிக்கொடுத்தாங்களா? புக் பேக் ஒரு மார்க் கேள்வியை மனப்பாடம் பண்றோம், கேள்வியைத் திருப்பிப் போட்டா முழிக்கிறோம். செவ்வாய், வியாழன் நாப்பது நிமிஷம், நாலு நாலு பேரா உட்காரலாம். இப்ப செஞ்சதையே செய்யலாம்.”

உடனே எதிர்ப்பும் வந்தது. நன்றாகப் படிக்கும் ஒருத்தி, “என் நேரம்தானே போகும்?” என்று நேராகவே கேட்டாள். “இந்தக் கேள்விக்கு நீ என்ன எழுதின?” என்று திருப்பிக் கேட்டாள் தலைவி. அவள் எழுதியிருந்தது 100 வாட். இன்னொருத்திக்கு நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஊருக்கு அடுத்த பஸ் ஆறரைக்குத்தான். அந்த நால்வருக்கு மட்டும் மதிய இடைவேளை என்று அங்கேயே முடிவானது.

அவள் செய்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தன் மாணவர்கள் கடினமான மின்சுற்றுக் கணக்குகளைப் போட்டுவிட்டு, எந்த பல்பு பிரகாசமாகும் என்ற எளிய கேள்வியில் தடுமாறுவதைக் கண்டார். 1991 முதல் வகுப்பை மாற்றினார். கேள்வி, தனியாகப் பதில், பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி பதில் என்பது அவருடைய வரிசை. மூன்றில் ஒரு பங்கினர்கூட முதலில் சரியாகச் சொல்லவில்லை என்றால் விவாதத்தை விட்டுவிட்டுப் பாடத்தையே மறுபடி விளக்க வேண்டும் என்பது அவர் அனுபவம். எங்கள் வகுப்பில் 38-க்கு 14 பேர் சரியாகச் சொன்னதால் பேச்சு பலித்தது. ஐந்து பேர் மட்டும் சொல்லியிருந்தால் தவறான விடையே வென்றிருக்கலாம்.

பதிலை மாற்றியவர்கள் புரிந்து மாற்றினார்களா, கெட்டிக்காரத் தோழியைப் பார்த்து மாற்றினார்களா? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பு ஒன்றில் இதைச் சோதித்து, 2009-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். விவாதத்துக்குப் பின் அதே கருத்தில் புதிய கேள்வி ஒன்றைக் கொடுத்து, தனியாக எழுதச் சொன்னார்கள். அதிலும் முன்னேற்றம் தெரிந்தது.

குழுப் படிப்பு கெடுவதும் இந்த இடத்தில்தான். ஒருத்தி விளக்குவாள், மூன்று பேர் தலையாட்டி எழுதிக்கொள்வார்கள், எல்லாருக்கும் புரிந்ததுபோலவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தலைவியின் குழுக்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கின்றன. பேசி முடித்ததும் கேள்வியை மாற்றிப்போட்டு, தோழியின் நோட்டைப் பார்க்காமல் தனித்தனியே எழுதுகிறார்கள். பல்பு கேள்விக்கு அவர்கள் போட்ட மாற்றுக் கேள்வி இது: அதே சுற்றில் 60 வாட் பல்பின் இரு முனைகளையும் ஒரு வெறும் கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்? 60 வாட் பல்பு அணைந்துவிடும், 100 வாட் பல்பு முழு 240 வோல்ட்டும் பெற்று முழுப் பிரகாசத்தில் எரியும். இதைச் செய்துபார்க்க டார்ச் பல்பும் பேட்டரியும்தான், வீட்டு மின்சாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நால்வரும் ஒத்துக்கொள்ளாத கேள்வியும், நால்வரும் ஒத்துக்கொண்டு புத்தகத்தோடு மாறுபடுகிற விடையும் ‘சந்தேக நோட்டு’ என்ற தனி நோட்டில் ஏறும். வெள்ளிக்கிழமை அது என் மேசைக்கு வரும்.

இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகள் இப்படிக் கூடினால் ஆய்வகத் திண்ணையைத் திறந்துவிடுங்கள். சத்தத்துக்காக அதட்டாதீர்கள். நடுவில் நாற்காலி போட்டு உட்காரவும் வேண்டாம். நீங்கள் அங்கே இருந்தால் தோழியிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்டுவிடுவார்கள். நோட்டு வரும்வரை தள்ளியே இருங்கள்.