ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஜெர்மன் சீட்டு

ஜெர்மனியில் படிக்கப் போகும் மாணவர்களில் பலர் தனி வீடு எடுப்பதில்லை. மூன்று அல்லது நான்கு பேர் ஆளுக்கொரு அறை எடுத்து, சமையலறையையும் குளியலறையையும் பொதுவாக வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த ஊர்ப் பேச்சில் இதற்கு 'வேகே' என்று பெயர். அறை கிடைத்த மகிழ்ச்சி அடங்கியதும் முதலில் தலைதூக்குவது, இந்த வாரம் யார் கழுவுவது என்ற கேள்விதான். அதற்காக எழுதும் முறைப்பட்டியல் 'புட்ஸ்பிளான்'. அந்தப் பட்டியலோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் ஒரு சின்னச் சீட்டில்தான் வீட்டின் நிம்மதி பாதி இருக்கிறது.

இந்தச் சீட்டுகள் அங்கே தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டன. பெர்லின் சுவர்களிலும் கதவுகளிலும் மக்கள் ஒட்டும் சீட்டுகளை யோவாப் நிஸ்ட் என்பவர் 2010 முதல் தொகுத்து வருகிறார். சிரிக்க வைக்கும் சீட்டுகள் பெரும்பாலும் கோபத்தில் எழுதியவையாகவே இருக்கும். நம் சீட்டு அந்த வகையில் சேரக்கூடாது.

நான்கு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். வேலையும் நான்கு: சமையலறை, குளியலறை, நடைவழியைத் தூசு உறிஞ்சி துடைப்பது, குப்பை. வாரத்துக்கு ஒரு வேலையாகச் சுழன்றால், நான்கு வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்து முடித்திருப்பார்கள். சமையலறை கனமான வேலை, குப்பை லேசான வேலை என்ற வழக்கு அதோடு தீரும். இனி சீட்டு. முழுமையாகவே இதோ:

'ஹலோ ட்சுசாம்மென், அப் மோன்டாக் புட்சென் விர் இம் வெக்செல். டேர் பிளான் ஹெங்ட் ஆம் க்யூல்ஷ்ராங்க். வேர் ட்ரான் இஸ்ட், புட்ஸ்ட் பிட்டெ பிஸ் சம்ஸ்டாகாபென்ட். வென் இர் கைனெ ட்சைட் ஹாப்ட், டௌஷ்ட் பிட்டெ உன்டர்ஐனான்டர். பாஸ்ட் டாஸ் ஃப்யூர் ஒய்ஷ்? லீபெ க்ரூசெ.'

பொருள் இதுதான்: 'எல்லோருக்கும் வணக்கம். திங்கள் முதல் மாறி மாறிச் சுத்தம் செய்வோம். பட்டியல் ஃபிரிட்ஜில் தொங்குகிறது. யார் முறையோ அவர் சனிக்கிழமை மாலைக்குள் முடித்துவிடுங்கள். நேரமில்லை என்றால் உங்களுக்குள் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். இது உங்களுக்குச் சரிவருமா? அன்புடன்.' கீழே பெயரும் தேதியும்.

இதில் மன்னிப்பு ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் எழுதினால் 'தொந்தரவுக்கு மன்னிக்கணும், தப்பா நினைச்சுக்காதீங்க' என்று நாலு வரி சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். ஜெர்மன்காரர் அந்த நாலு வரியில், என்னமோ பெரிய சிக்கல் போலிருக்கிறது என்று பதறுவார், அல்லது கடைசிவரை படிக்கவே மாட்டார். யார், எதை, எப்போதுக்குள் என்று நேராகச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. மரியாதை முழுவதையும் 'பிட்டெ' என்ற ஒரு சொல் தாங்கிக்கொள்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் அதே வாக்கியம் கட்டளை ஆகிவிடும். அதற்கு நேர் எதிராக, 'சீ' என்ற மரியாதைப் பன்மையைக் கொண்டுவந்தால் வங்கியிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கும். முன்பின் தெரியாதவராக இருந்தாலும், வீட்டுக்குள் எல்லோரும் 'டூ' தான். பலரைச் சேர்த்து அழைக்க 'இர்'.

கெடு ஏன் சனிக்கிழமை மாலை? ஞாயிறு அங்கே அமைதி நாள். அன்று வாக்குவம் கிளீனர் ஓட்டினால் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். சுத்தம் செய்யும் திரவம் தீர்ந்துபோயிருப்பது தெரியவந்தாலும் திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். பொதுப்பணத்தில் வாங்க வேண்டிய சாமான் எது என்று எழுத, பட்டியலின் அடியில் கொஞ்சம் இடம் விடுவது இதற்காகத்தான்.

சண்டை பெரும்பாலும் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருப்பதால் வருகிறது. 'குளியலறை' என்று மட்டும் பட்டியலில் போட்டால் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முடிந்தது என்பார். கழிப்பறை, வாஷ்பேசின், ஷவர், தரை, குப்பைக்கூடை என்று பிரித்து எழுத வேண்டும். பல ஊர்களில் தண்ணீர் கடினமானது. குழாய்த் தலையிலும் ஷவர் கண்ணாடியிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதை வினிகர் கலந்த திரவமோ சிட்ரிக் அமிலமோ போட்டுக் கரைக்க வேண்டும், சோப்பு மட்டும் போதாது. ஆனால் குளோரின் உள்ள கிளீனரோடு அதைக் கலந்துவிடக் கூடாது, நச்சுவாயு வரும். இந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் எழுதினாலும் தப்பில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால்தான் சுத்தம் என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே பல குளியலறைகளின் தரையில் தண்ணீர் போக வடிகாலே இருக்காது. ஊற்றிய தண்ணீர் இடுக்குகளில் இறங்கிக் கீழ் வீட்டுக் கூரையில் கசியும். ஈரத் துணியால் துடைத்து, ஷவர் கண்ணாடியை ரப்பர் வழிப்பானால் வழித்து, ஜன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று விட்டால் போதும். இல்லையென்றால் மூலையில் பூஞ்சை பிடிக்கும். தாளிப்பும் அப்படித்தான்: எண்ணெய் தெறித்த கண்ணாடி அடுப்பை அன்றன்றே துடைக்காவிட்டால் கறுப்பாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு பிளேடு வைத்த சுரண்டியால்தான் எடுக்க முடியும். ஆகவே 'சாப்பிட்ட தட்டையும் சமைத்த அடுப்பையும் அன்றே அவரவரே கழுவுவது, அது முறைப்பட்டியலில் சேராது' என்று சீட்டில் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுவது நல்லது. இது விட்டுப்போனால், சமையலறை வாரம் வந்தவர் மற்ற மூவரின் எச்சில் பாத்திரத்தையும் தேய்க்க நேரும்.

குப்பை வேலைக்கும் கொஞ்சம் விவரம் வேண்டும். காகிதம், உணவுக் கழிவு, பிளாஸ்டிக் உறை, மீதிக் குப்பை என்று தனித்தனித் தொட்டிகள். கண்ணாடிக் குப்பிகள் தெருவோரக் கொள்கலனில் நிறம் பிரித்துப் போட வேண்டியவை, அதுவும் இரவிலோ ஞாயிற்றுக்கிழமையோ கூடாது. முன்பணம் உள்ள பாட்டில்களைக் கடையில் திருப்பித் தந்தால் காசு வரும். அது பொதுப்பெட்டிக்கா, எடுத்துச் செல்பவருக்கா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் தன் முறையைத் தவறவிட்டால்? அப்போது ஃபிரிட்ஜில் இரண்டாவது சீட்டு ஒட்டக் கூடாது. பெயர் போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியதும், மூன்று ஆச்சரியக்குறி போட்டதும்தான் வீட்டைப் பிரித்துவிடும். நேரில் சொல்லலாம், அல்லது அவருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பலாம். 'டூ ஹாஸ்ட் நிஷ்ட் கெபுட்ஸ்ட்', அதாவது 'நீ சுத்தம் செய்யவில்லை' என்பது குற்றச்சாட்டு. 'டாஸ் பாட் இஸ்ட் லீகென் கெப்லீபென்', அதாவது 'குளியலறை அப்படியே கிடக்கிறது' என்றால் ஆளை விட்டு வேலையைச் சொன்னதாகும். அடுத்து 'க்யோன்டெஸ்ட் டூ டாஸ் பிஸ் மோர்கென் நாக்ஹோலென்?' என்று கேட்கலாம். 'நாளைக்குள் செய்துவிட முடியுமா?' என்பது பொருள். கேள்வியாகக் கேட்டாலும் 'நாளைக்குள்' என்ற கெடு அதில் இருக்கிறது. கெடு இல்லாத வேண்டுகோளை ஜெர்மன்காரர் வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்.

தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் பாதிப்பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அந்த வாரங்களுக்குப் பட்டியலில் தனி நிரல் வரைந்து, யார் யாரோடு மாற்றிக்கொண்டார் என்று எழுதி வையுங்கள். முடித்ததும் ஒரு டிக் போடும் கட்டமும் வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் என்று பேச்சு வந்தால், யார் என்ன செய்தார் என்பதற்கு அந்தக் காகிதம் உதவும்.

சீட்டை ஒட்டும் முன் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'டேர், டீ, டாஸ்' மாறிப்போனால் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுப்பார்கள். கெடு விட்டுப்போனால்தான் சனிக்கிழமை ஒருவரும் துணியைத் தொட மாட்டார்கள்.