கேள்வி கேட்காத கேள்விச் சொற்கள்

தமிழில் ‘யார்’ என்ற சொல்லோடு ஒரு சின்ன ஒட்டைச் சேர்த்தால் போதும், கேள்வி மறைந்துவிடும்: யாரோ, யாராவது, யாரும். சீன மொழியிலும் கேள்விச் சொல்தான் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அங்கே ஒட்டு கிடையாது. ‘ஷென்மெ’ என்றால் ‘என்ன’. ‘எதையோ’ என்பதும் ‘எதுவும்’ என்பதும் அதே ஷென்மெதான். எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் இருக்கும் சொற்களை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

‘தா ட்ஸாய் ஜாவ் ஷென்மெ’ என்றால் ‘அவன் என்ன தேடுகிறான்?’ இதே வாக்கியத்தில் ‘தா’வுக்கு அடுத்து ‘ஹாவ்ஷியாங்’ என்று ஒரு சொல்லைச் செருகினால், ‘அவன் எதையோ தேடுகிறான் போலிருக்கிறது’ என்றாகிவிடும். ஷென்மெ இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கேள்வி மட்டும் போய்விட்டது. இப்படிச் சந்தேகம் காட்டும் சொல்லோ, ‘இல்லை’ என்ற மறுப்போ, ‘ஆனால், என்றால்’ போன்ற நிபந்தனையோ, ஆமா இல்லையா என்று கேட்கும் கடைசி ‘மா’வோ இருந்தால் மொழிபெயர்ப்பவர் உஷாராக வேண்டும். பேச்சில் இன்னொரு தடயமும் உண்டு. உண்மையாகவே கேள்வி கேட்கும்போது ஷென்மெயை அழுத்திச் சொல்வார்கள்; இல்லாதபோது அது மெல்ல நழுவிப்போகும்.

மறுப்போடு வரும்போது ஷென்மெ எங்கே நிற்கிறது என்பது முக்கியம். கடைக்குப் போய்வந்தவர் ‘வோ மெய் மாய் ஷென்மெ’ என்கிறார். ஷென்மெ வினைக்குப் பின்னால் வருகிறது. ‘பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை’ என்பதே அவர் சொல்ல வந்தது. கையில் சோப்பும் பிஸ்கட்டும் இருக்கலாம். ‘வோ ஷென்மெ தோவ் மெய் மாய்’ என்றால் ஷென்மெ வினைக்கு முன்னால் வந்து, துணைக்குத் ‘தோவ்’ என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. இப்போது எதுவுமே வாங்கவில்லை. இரண்டையும் ‘எதுவும் வாங்கவில்லை’ என்றே எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அந்த சோப்பு வரும்போது திகைத்து நிற்கும் மொழிபெயர்ப்புகள் உண்டு.

இப்படி முன்னால் வருவதிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘ஷெய்’ என்றால் யார். ‘ஷெய் தோவ் கான் பு ஷாங்’ என்பதில் ஷெய் எழுவாயா செயப்படுபொருளா என்பதற்கு அடையாளமே இல்லை. திருமணமாகாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் என்று ஒரு சீன நகைச்சுவை உண்டு. முதல் காரணம் இந்த வாக்கியம். இரண்டாவது காரணமும் இதே வாக்கியம். ஒரு தடவை ‘எனக்கு யாரையும் பிடிக்கவில்லை’, மறுதடவை ‘என்னை யாருக்கும் பிடிக்கவில்லை’.

தமிழில் வேற்றுமை உருபு குறுக்கே வந்துவிடும். ‘யாரையும்’ என்றோ ‘யாருக்கும்’ என்றோ எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியவுடன் பொருள் ஒன்றாகிவிடும். ‘யாரையும் பிடிக்கவில்லை, யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். சிரிப்பு ஓரளவு தங்கும். எழுத்து மாறாமல் ஒரே வாக்கியம் இருமுறை வருகிற ருசி மட்டும் சீனத்திலேயே நின்றுவிடும்.