ஸ்பானிய ‘எர்ரே’யும் நம் றகரமும்

ஸ்பானிய மொழியில் ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’; ‘பெர்ரோ’ என்றால் நாய். ‘கரோ’ என்றால் விலை கூடியது. ‘கர்ரோ’ என்றால் மெக்சிகோ போன்ற நாடுகளில் கார். ‘அஓரா’ என்பது ‘இப்போது’. ‘அஓர்ரா’ என்றால் அவர் பணம் சேமிக்கிறார். எழுத்தில் பார்த்தால் ஆர் என்ற எழுத்து ஒன்றா இரண்டா என்பதுதான் வேறுபாடு. வாயில் அவை இரண்டு தனி ஒலிகள். இரண்டில் ஒன்று தமிழ் பேசும் எல்லோரிடமும் இருக்கிறது. மற்றது நம்மிடம் பாதிதான் மிஞ்சியிருக்கிறது.

முதல் ஒலியை எளிதாகச் சொல்லிவிடலாம். ‘மரம்’ என்று இயல்பாகச் சொல்லுங்கள். நாநுனி மேலெழுந்து, மேற்பல் வரிசைக்குப் பின்னால் உள்ள ஈற்று மேட்டை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு இறங்குகிறது. அந்தத் தட்டல் 20 முதல் 30 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். ஸ்பானியரின் ஒற்றை ஆர் இதுவேதான். ‘பெரோ’வில் உள்ள ரகரத்துக்காக நாம் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஆர் சொல்லும்போது நாநுனி எதையும் தொடுவதில்லை. அந்தப் பழக்கத்தை ஸ்பானியத்துக்குக் கொண்டுவராமல், வீட்டில் பேசும் ரகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடினம் இரண்டாவதில்தான் இருக்கிறது. ‘பெர்ரோ’வில் நாநுனி இரண்டு அல்லது மூன்று முறை, அழுத்திச் சொன்னால் அதற்கு மேலும், ஈற்று மேட்டைத் தட்டுகிறது. இதைக் கேட்டதும் பலரும் ரகரத்தை வேகமாக அடுக்கிப் பார்க்கிறார்கள். அது நடக்காது. நாநுனியை நாமே தூக்கித் தூக்கி இறக்கினால் நொடிக்கு ஆறேழு தட்டல்களுக்கு மேல் வராது. ஸ்பானிய உருட்டலோ நொடிக்கு இருபத்தைந்து தட்டல்கள் என்ற வேகத்தை ஒட்டி நடக்கிறது. தசைக்கு அந்த வேகம் இல்லை; அந்த வேலையைச் செய்வது காற்று. நாநுனியை ஈற்று மேட்டின்மேல் மெல்ல ஒட்டி வைத்துக் காற்றைச் செலுத்தினால், உள்ளே ஏறும் அழுத்தம் நாநுனியைத் தள்ளித் திறக்கிறது. காற்று வெளியேறியதும் அழுத்தம் குறைகிறது. நாநுனி தன் மீள்தன்மையால் பழைய இடத்துக்கு வருகிறது. மறுபடி அழுத்தம், மறுபடி திறப்பு. கொடிக்கம்பத்தில் துணி படபடப்பதைப் போன்றது இது. துணி தானாக எதையும் செய்வதில்லை. ஆகவே உருட்டலைக் கற்பது என்பது நாவை ஆட்டக் கற்பதல்ல. நாவைச் சரியான இடத்தில், சரியான தளர்ச்சியில் வைத்துவிட்டுக் காற்றுக்கு வழிவிடக் கற்பது.

இங்கேதான் நம் றகரம் வருகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் றகரத்தையும் னகரத்தையும் ஒரு கூட்டமாக்கி, அவை பிறக்கும்போது நாநுனி அண்ணத்தை ஒற்றும் என்கிறது. ரகரத்தையும் ழகரத்தையும் வேறு கூட்டமாக்கி, அவற்றுக்கு நாநுனி அண்ணத்தை வருடும் என்கிறது. ரகரம் இடையினம், றகரம் வல்லினம். இன்று பெரும்பாலான தமிழர் வாயில் ‘அரை’யும் ‘அறை’யும், ‘கரி’யும் ‘கறி’யும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சில் இந்த வேறுபாடு இன்னும் காதில் விழுகிறது. மலையாளத்தில் அது முழு உயிரோடு இருக்கிறது. இரு உயிர்களுக்கு நடுவே வரும் மலையாள றகரம் ஸ்பானிய உருட்டலுக்கு மிக அருகில் நிற்கும் ஒலி. நாகர்கோவில்காரர் ஒருவர் ஸ்பானியம் கற்கத் தொடங்கினால், அவருக்குப் ‘பெர்ரோ’வின் வழி பாதி திறந்தே இருக்கிறது என்பேன்.

‘அப்படியானால் உருட்டலுக்கு றகரத்தை எழுதிவிடலாமே’ என்று தோன்றும். எழுதாதீர்கள். ‘பெற்றோ’ என்று குறித்து வைத்து, அதைத் தமிழாக வாசித்தால், ‘வெற்றி’யில் வருவதைப் போல நாநுனி முதலில் ஈற்று மேட்டில் அடைத்து நின்று, பிறகுதான் ரகரமாக விடுபடும். அந்த அடைப்பு ஸ்பானியர் காதில் டகரம் போன்ற தனி மெய்யாக விழும். நாய் அவருக்குக் கேட்காது. யாழ்ப்பாணத்து எழுத்து மரபில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொறி இன்னும் கூர்மையானது. ‘ரொறன்ரோ’ என்று எழுதி ஆங்கில டகர ஒலியை வாசிக்கும் மரபு அது. அவர்கள் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாமல், ஒலிப்பதிவைக் கேட்டே பழகுவது நல்லது.

‘ன்ற’ இன்னொரு பொறி. ‘என்ரீக்கே’ என்பது ஸ்பானியரிடையே பரவலான ஆண் பெயர். நாம் அதை ‘என்றீக்கே’ என்று வாசித்தால், ‘கன்று’, ‘நன்றி’ போல நடுவில் ஒரு டகரச் சாயல் தானாக நுழைந்துவிடும். னகரத்தில் ஈற்று மேட்டோடு ஒட்டியிருக்கும் நாநுனி, மூக்கு வழி மூடிய பிறகு ஒரு கணம் தாமதித்து விடுபடுவதால் அந்த ஒலி பிறக்கிறது. இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. ஸ்பானியத்திலேயே ‘தெனேர்’, அதாவது ‘கொண்டிருத்தல்’ என்ற வினையின் எதிர்கால வடிவம் பழங்காலத்தில் நடு உயிர் தேய்ந்து ‘தென்ரே’ ஆகி, பிறகு இதே காரணத்தால் ‘தென்த்ரே’ என்று தகரத்தோடு நிலைபெற்றுவிட்டது. ஆனால் ‘என்ரீக்கே’யில் அந்த நுழைவு இன்று பிழைதான். அங்கே னகரத்திலிருந்து நேரே உருட்டலுக்குள் போக வேண்டும்.

பொறியாக இருக்கும் இதே ‘ற்ற’ பயிற்சிக்கு நல்ல வாசல் என்பது என் அனுபவம். ‘காற்று’ என்று சொல்லுங்கள். வீட்டுப் பேச்சின் ‘காத்து’ வேண்டாம். அதில் நாநுனி பல்லுக்குப் போய்விடும். மேடையில் சொல்வதுபோலக் ‘காற்று’ என்று சொல்லி, ‘ற்’றில் நாநுனி எங்கே ஒட்டுகிறது என்று கவனியுங்கள். உருட்டலுக்கான இடம் அதுவே. அடுத்து, அந்த அடைப்பில் ஒரு கணம் நின்று, பின்னால் காற்றைத் திரட்டுங்கள். நாவின் இரு விளிம்புகளும் மேல் கடைவாய்ப் பற்களோடு ஒட்டியிருக்கட்டும். பக்கவாட்டில் காற்று கசிந்தால் அழுத்தம் சேராது. நுனி மட்டும் தளர்ந்திருக்கட்டும். இப்போது நாவை இறக்காமல் காற்றை மட்டும் விடுங்கள். முதலில் ‘ஹ்’ என்ற வெறும் சீற்றம்தான் வரும். ஒருநாள் நுனி தானாக இரண்டு முறை படபடக்கும். அது வந்த பிறகு குரலைச் சேர்த்து, ‘ற்ர்ர்ர்’ என்று நீட்டிப் பழகலாம்.

வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒலியே இன்றி அடைத்துக்கொண்டால், நுனியை மிக அழுத்தி வைத்திருக்கிறீர்கள். சீற்றம் மட்டும் நீடித்தால், நுனி மேட்டைவிட்டு விலகி நிற்கிறது அல்லது காற்று போதவில்லை. சிலருக்கு உருட்டல் தொண்டையில், உள்நாக்குப் பக்கம் வந்துவிடும். வாய் கொப்பளிக்கும் உணர்வு தோன்றினால் அதை அங்கேயே நிறுத்துங்கள்; பழகிப்போனால் மாற்றுவது கடினம்.

நீட்டி உருட்ட வந்தபின் முன்னிருக்கும் அடைப்பைக் கழற்ற வேண்டும். ‘எ’ என்ற உயிரைச் சொல்லி, அதன் குரல் அறாமலே உருட்டலுக்குள் போய், மறுபடி உயிருக்கு வாருங்கள்: ‘எர்ரே’. ஸ்பானியத்தில் இந்த எழுத்தின் பெயரும் அதுதான். பிறகு ‘பெர்ரோ’. இரண்டு மூன்று தட்டல் போதும். மேலும் நீட்டினால் கோபத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும்.

சொல்லின் முதலில் வரும் ஆர் எழுத்தில் ஒன்றாகவே இருந்தாலும் எப்போதும் உருட்டல்தான். ‘ர்ரோசா’, அதாவது ரோஜா, ‘ர்ராமோன்’ எல்லாம் அப்படி. னகர, லகர, சகர ஒலிகளுக்குப் பின்னாலும் அப்படியே. நம்மவர்கள் அதிகம் தவறுவது சொல்முதலில்தான். தமிழ் மரபில் எந்தச் சொல்லும் ரகரத்திலோ றகரத்திலோ தொடங்காது; ‘இராசா’, ‘உரோமம்’ என்று முன்னால் உயிர் சேர்ப்போம். ஸ்பானியத்தின் பக்கத்து மொழியான பாஸ்க்கிலும் இதே மரபு இருக்கிறது. லத்தீனிலிருந்து வந்த அரசனை அவர்கள் ‘எர்ரெகே’ என்றும், ரோம் நகரை ‘எர்ரோமா’ என்றும் சொல்கிறார்கள். நீங்களும் பயிற்சியில் அந்த உயிரைக் கடன் வாங்கலாம். ‘அர்ரோசா’ என்று சில நாள் சொல்லி, பிறகு அகரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிடுங்கள்.

மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ஆர், தட்டலாக இருந்தாலும் உருட்டலாக இருந்தாலும் பொருள் மாறாது. ஆனால் அதை விழுங்கக் கூடாது. ‘பார்த்தேன்’ என்பதைப் ‘பாத்தேன்’ என்று பேசும் நமக்கு அந்தப் பழக்கம் உண்டு. கடிதம் என்ற பொருளுள்ள ‘கர்த்தா’வைக் ‘கத்தா’ என்றால், அது சுவைத்துப் பார்க்கிறார் என்ற பொருளுள்ள வேறு சொல்லாகக் கேட்கும்.

நீங்கள் சொல்வது சரியா என்று அறிய, ‘பெரோ, பெர்ரோ’ என்று கைப்பேசியில் பதிந்து, வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். கணினி இருந்தால் Praat என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் உருவாக்கியது அது. ஒலியலையில் ‘பெரோ’வுக்கு ஒரு சிறு பள்ளம் தெரியும்; ‘பெர்ரோ’வுக்கு இரண்டு மூன்று. ஒரே பள்ளம் நீளமாக இருந்தால், நீங்கள் உருட்டவில்லை, அடைத்து நிற்கிறீர்கள் என்று பொருள்.

ஸ்பானியக் குழந்தைகளுக்கே இந்த ஒலி மற்ற ஒலிகளுக்கெல்லாம் பிந்தித்தான் வருகிறது. ஐந்தாறு வயது வரை பலருக்கும் உருளாது. பெரியவர்களும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி உருட்டுவதில்லை. கோஸ்டா ரிக்காவிலும் ஈக்வடார் மலைப்பகுதியிலும் பலர் அதைச் சீறும் ஒலியாகச் சொல்கிறார்கள். புவெர்ட்டோ ரிக்கோவில் பலருக்கு அது தொண்டைக்குப் போய்விடுகிறது. ஆனால் அவர்களும் இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றையையும் இரட்டையையும் கலப்பதில்லை. உங்கள் உருட்டல் அழகாக வரும்வரை காத்திருக்காமல், ‘பெரோ’வும் ‘பெர்ரோ’வும் கேட்பவருக்கு வேறு வேறாகத் தெரிகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.